வியாழக்கிழமை அவள் கை என்ன எழுதும்?

அன்புள்ள கண்ணு,

"அத்தை, வரைவு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஏதோ இடிக்கிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை" என்று எழுதியிருந்தாய். சுய உதவிக் குழுக்களில் கணக்கு எழுதும் பெண்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. அதன் திட்ட வரைவைப் படித்துப் பார்த்து, சரி, சரியில்லை என்று சொல்வது உனக்குக் கிடைத்த முதல் வேலை. நீ அனுப்பிய மூன்று பக்கங்களையும் நேற்று இரவு இரண்டு முறை படித்தேன். உனக்கு இடித்தது எனக்கும் இடித்தது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை, கட்டங்கள் எல்லாம் அழகாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு நாளும் அந்தப் பெண்கள் கையில் பேனா எடுக்க வேண்டிய இடமே இல்லை.

இதே மாதிரி வரைவுகளை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். அதைவிட மோசம், இதே மாதிரி வரைவுகளுக்கு ஒப்புதல் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அந்தக் கையெழுத்துகளில் கற்றதைத்தான் கீழே எண் போட்டு எழுதுகிறேன்.

1. வரைவை உடனே படிக்காதே. அதை மூடி வைத்துவிட்டு, அதில் வந்து உட்காரப்போகிற ஒருத்தியை மனத்தில் கொண்டுவா. எட்டாவது படித்தவள். பன்னிரண்டு பேர் உள்ள குழுவில் "உன் கையெழுத்து அழகாக இருக்கிறது" என்று சொல்லிக் கணக்கு நோட்டை அவள் மடியில் வைத்துவிட்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் கோயில் திண்ணையில் கூட்டம். ஒருத்தி சந்தா நூறு ரூபாயை நீட்டும்போதே இன்னொருத்தி கடன் தவணையை நீட்டுகிறாள், மூன்றாமவள் சில்லறை கேட்கிறாள், குழந்தை நோட்டின் ஓரத்தை இழுக்கிறது. அந்த நேரத்தில் அவள் கை எந்தக் கட்டத்தில் எந்தத் தொகையை எழுதும்? வரைவின் ஒவ்வொரு வரியையும் இந்தக் கேள்வியோடு படி. நான் முதல் ஐந்தாறு வருடம் வரைவைத்தான் பார்த்தேன், அவளைப் பார்க்கவில்லை. தலைப்புகள் வரிசையாக இருக்கின்றனவா, பயிற்றுநர் பெயர் எதிரே இருக்கிறதா, தேநீர் இடைவேளை விட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போட்ட கையெழுத்துகள் அவை.

2. அடுத்து 'கற்றல் விளைவுகள்' என்ற பகுதிக்குப் போ. அங்கே வினைச்சொற்களை மட்டும் பென்சிலால் சுழித்துக்கொண்டு வா. உன் வரைவில் நான்கு வரிகள் இருக்கின்றன. குழுவின் கருத்தாக்கத்தைப் 'புரிந்துகொள்வார்கள்'. பதிவேடுகளின் முக்கியத்துவத்தை 'அறிந்துகொள்வார்கள்'. கணக்கு எழுதுவது குறித்து 'விழிப்புணர்வு பெறுவார்கள்'. நிதி ஒழுக்கத்தைப் 'பாராட்டுவார்கள்'. இந்த நான்கில் எதையாவது கண்ணால் பார்க்க முடியுமா? இரண்டாம் நாள் மாலை ஒருத்தி புரிந்துகொண்டாள், அவள் பக்கத்தில் இருந்தவள் புரிந்துகொள்ளவில்லை என்று எதை வைத்துச் சொல்வாய்? தலையாட்டினால் புரிந்தது என்று எடுத்துக்கொள்வதுதான் நம் வழக்கம். கண்ணு, பயிற்சிக் கூடத்தில் தலையாட்டாதவர் யாருமே இல்லை.

ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கர் 1962-இல் இதற்கென்றே ஒரு சிறு புத்தகம் எழுதினார். அவர் கேட்டது மூன்றே மூன்று. கற்றவர் என்ன செய்து காட்டுவார், எந்தச் சூழ்நிலையில் செய்வார், எவ்வளவு சரியாகச் செய்தால் போதும். இந்த மூன்றையும் உன் வரைவின் மூன்றாம் வரியில் வைத்துப் பார்க்கலாம். 'கணக்கு எழுதுவது குறித்து விழிப்புணர்வு' என்பதை எடுத்துவிட்டு இப்படி எழுது: "ஒரு கூட்டத்தில் நடந்த கொடுக்கல் வாங்கல் பத்தும் பேச்சாகச் சொல்லப்படும்போது, வெற்று ரொக்கப் புத்தகத்தில் பிறர் உதவியின்றி அவற்றைப் பதிவார். முக்கால் மணி நேரத்துக்குள் முடித்து, இறுதிக் கையிருப்பை ஒரு ரூபாயும் பிசகாமல் காட்டுவார்." இதில் செய்வது பதிதல். சூழ்நிலை, பேச்சாகச் சொல்லப்படுவதும் உதவியின்மையும். அளவு, முக்கால் மணி நேரமும் பிசகாத கையிருப்பும். 'பேச்சாக' என்ற சொல்லை நான் வேண்டுமென்றே போட்டேன். திண்ணையில் யாரும் அச்சடித்த பட்டியல் கொடுக்கப்போவதில்லை.

இப்படி எழுதினால் வரி நீளுகிறது, அழகு குறைகிறது. குறையட்டும். விளைவு வரி பத்திரம் மாதிரி இருக்க வேண்டும், வாழ்த்து மடல் மாதிரி அல்ல. பின்னால் ஒரு தகராறு என்றால் எடுத்துப் படிக்க முடிய வேண்டும்.

3. சொல்லை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்தி அடையாதே. இது என் சொந்தப் பாவம். செயல் வினைச்சொற்கள் அடங்கிய ஒரு பட்டியல் கைக்குக் கிடைத்த வருடம், என்னிடம் வந்த எல்லா வரைவிலும் 'புரிந்துகொள்வார்கள்' என்பதை அடித்துவிட்டு 'பட்டியலிடுவார்கள்', 'விளக்குவார்கள்' என்று எழுதிவிட்டேன். பெரிய சீர்திருத்தம் செய்த நினைப்பு எனக்கு. பயிற்சியின் கடைசியில் கேட்டோம். ஆறு பதிவேடுகளின் பெயரையும் பெண்கள் கடகடவென்று ஒப்பித்தார்கள். கைதட்டினோம். அடுத்த மாதம் அவர்களில் ஒருத்தியின் ஊருக்குப் போனபோது ஆறு நோட்டுகளும் அட்டை போட்டு, மஞ்சள் தடவிய மூலையோடு, உள்ளே வெறுமையாக இருந்தன. "பேரெல்லாம் தெரியும்மா, எதை எதுல எழுதறதுன்னுதான் தெரியல" என்றாள். அளக்க முடிவதாலேயே ஒரு விளைவு நல்ல விளைவு ஆகிவிடாது. அவளுடைய வேலையில் அது வருகிறதா என்று பார். பதிவேடுகளின் பெயரைப் பட்டியலிடும் வேலை எந்தக் குழுவிலும் கிடையாது.

4. இனி நேரம். வரைவில் எழுதிய நேரத்தை நம்பாதே, நீயே ஒரு தாளில் கணக்குப் போடு. காலை பத்து மணி முதல் ஐந்து மணி வரை என்று போட்டிருக்கிறார்கள். அது 420 நிமிடம். சாப்பாட்டுக்கு 60 போயிற்று. இரண்டு தேநீருக்கு 30. முதல் நாள் குத்துவிளக்கு, வரவேற்பு, அறிமுகம் என்று 45. இரண்டாம் நாள் சான்றிதழ், நன்றியுரை, பயணப்படி கையெழுத்து என்று இன்னொரு 45. ஒரு நாளைக்கு மிஞ்சுவது 285 நிமிடம், இரண்டு நாளுக்கு 570. உன் வரைவில் பதினான்கு தலைப்புகள் இருக்கின்றன. வகுத்துப் பார், தலைப்புக்கு நாற்பது நிமிடம் வருகிறது. அதுவும் முதல் பேருந்து நேரத்துக்கு வந்தால்தான்.

அந்த நாற்பது நிமிடத்தில் 'வங்கிக் கடன் இணைப்பு', இன்னொரு நாற்பதில் 'காப்பீட்டுத் திட்டங்கள்', அடுத்ததில் 'தலைமைப் பண்புகள்'. ரொக்கப் புத்தகமும் கடன் பேரேடும் சேமிப்புப் பேரேடும் சேர்ந்து ஒரே நாற்பது நிமிடம்! தலைப்பே கணக்கு எழுதும் பயிற்சி, அதில் கணக்கு பதினான்கில் ஒரு பங்கு. இப்படி ஒரு வரைவை யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதுவதில்லை. எப்படி நடக்கிறதென்று எனக்குத் தெரியும். பெண்கள் கூடுகிறார்கள் என்றதும் ஒவ்வொரு துறையும் "எங்களுக்கும் அரை மணி நேரம் கொடுங்கள்" என்று கேட்கும். யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர் வரைவை எழுதியிருப்பார். கல்யாணப் பந்தியில் ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு ஒரே இலையை நோக்கி வருவது போலத்தான். இலை நிறைந்தது யாருக்கும் தெரிவதில்லை, சாப்பிடுகிறவளுக்கு மட்டும் தெரியும்.

5. வெட்டு. ஆனால் வெட்டியதை எங்கே வைப்பது என்றும் சொல். தலைப்புகளைத் துண்டுச் சீட்டில் ஒவ்வொன்றாக எழுதி மேஜையில் பரப்பிக்கொள். ஒவ்வொன்றையும் எடுத்து, "இது தெரியாவிட்டால் வியாழக்கிழமை நோட்டில் என்ன தப்பு வரும்?" என்று கேள். தப்பு வரும் என்றால் அது கூடத்தில் இருக்கட்டும். தப்பு வராது, ஆனால் என்றாவது தேவைப்படும் என்றால் ஒரு பக்கக் குறிப்பாக அச்சடித்துக் கையில் கொடுத்துவிடலாம். காப்பீட்டுக்கு யாரைப் பார்ப்பது, என்ன தாள்கள் கொண்டுபோவது என்பதெல்லாம் அந்தக் குறிப்புக்குள் அடங்கும். இரண்டும் இல்லை என்றால் அந்தச் சீட்டு வேறு பயிற்சிக்கு உரியது. உன் பதினான்கை நான் இப்படிப் பிரித்தேன். ஒன்றாகக் கிடந்த கணக்குத் தலைப்பை விரித்ததில் கூடத்துக்கு வந்தவை நான்கு: ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, மாதக் கடைசியில் மூன்றையும் ஒத்துப் பார்ப்பது. தீர்மானப் புத்தகத்தைச் சேர்க்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பல குழுக்களில் அதை ஊக்குநரே எழுதுகிறார், அதனால் குறிப்புத்தாளில் ஒரு மாதிரிப் பக்கமாக வைத்தேன். உங்கள் வட்டாரத்தில் வழக்கம் வேறாக இருந்தால் மாற்றிக்கொள்.

வெட்டும்போது முதலில் உனக்குப் பிடித்ததில் கை வை. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் திட்டம் தொடங்கியதும், 1992-இல் நபார்டு குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியதும் என் நெஞ்சுக்கு நெருங்கிய கதை. ஒவ்வொரு பயிற்சியிலும் முதல் ஒரு மணி நேரம் அதைத்தான் சொல்வேன். நன்றாகவும் சொல்வேன், அழுதவர்கள்கூட உண்டு. பிற்பகலில் நேரம் போதாமல் கடன் பேரேட்டை "வீட்டில் போய்ப் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி முடிப்பேன். எத்தனை வருடம் அப்படி முடித்தேன் என்று எண்ணிப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது. என் கதையை நானே வெட்டிய பிறகுதான் பிறர் கதையை வெட்டச் சொல்ல எனக்கு வாய் வந்தது.

6. இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. வரைவில் 'முறை' என்று ஒரு நெடுங்கட்டம் இருக்கும். மேலிருந்து கீழே அதை மட்டும் படித்துக்கொண்டு வா. விரிவுரை, விரிவுரை, காணொளி, விரிவுரை, கலந்துரையாடல், விரிவுரை. கடைசியில் 30 நிமிடம் 'குழுச் செயல்பாடு மற்றும் கேள்வி பதில்'. அந்தச் செயல்பாடு என்னவென்று எழுதியிருக்கிறதா? யார் எதைச் செய்வார், எதை வைத்துச் செய்வார், சரியா தப்பா என்று யார் பார்ப்பார்? ஒன்றும் எழுதவில்லை என்றால் அது நடக்காது. முந்தைய அமர்வுகள் நீண்டு அந்த முப்பது நிமிடத்தைத் தின்றுவிடும். பயிற்சி வேலை பெயரளவில் இருக்கிற வரைவும், இல்லவே இல்லாத வரைவும் ஒன்றுதான்.

எழுதியவரிடம் "பயிற்சி வேலை சேர்க்கவும்" என்று மட்டும் குறித்து அனுப்பாதே. ஒன்றைச் செய்து காட்டு. நான் வைத்திருக்கும் ஒரு மாதிரியை உனக்குத் தருகிறேன். பன்னிரண்டு பேர் குழு. முந்தைய கூட்டத்தின் கையிருப்பு 340 ரூபாய். பதினொரு பேர் சந்தா 100 வீதம் கட்டினார்கள், ஒருத்தி வரவில்லை. ஆக 1,100. ஓர் உறுப்பினருக்கு 5,000 ரூபாய் கடன் பாக்கி இருக்கிறது, வட்டி மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய். அவள் 550 ரூபாய் கட்டினாள். வங்கியிலிருந்து 6,000 எடுத்து வந்திருக்கிறார்கள். இன்னொருத்திக்கு 7,000 கடன் கொடுத்தார்கள். நோட்டு வாங்க 60 செலவு. நீயே போட்டுப் பார். வந்ததும் இருந்ததும் சேர்ந்து 7,990, போனது 7,060, கையிருப்பு 930.

முதலில் வேறு ஒரு கூட்டத்தை முழுதாக எழுதி முடித்த ஒரு பக்கத்தைக் கொடு. ஒவ்வொரு தொகையும் ஏன் அந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இரண்டிரண்டு பேராகப் பேசட்டும், 40 நிமிடம். அடுத்து இன்னொரு கூட்டத்தின் பக்கம், பாதி நிரப்பியது. மீதியை அவர்கள் நிரப்பட்டும், 45 நிமிடம். மூன்றாவது, மேலே சொன்ன கணக்குக்கு வெற்றுப் பக்கம். இப்போது யாரும் எதையும் படித்துக் காட்டுவதில்லை. நான்கு பேர் உறுப்பினர்களாக நடித்து, காகித நோட்டுகளை ஒரே நேரத்தில் நீட்டட்டும், ஒருத்தி எழுதட்டும், ஆள் மாறி ஆள், ஒரு மணி நேரம். பிறகு திருத்துவதற்கு 45 நிமிடம். மொத்தம் 190 நிமிடம், முதல் நாளின் 285-இல் அடங்குகிறது. முடித்ததைப் பார்த்து, பாதியை முடித்து, பிறகு வெறுமையில் எழுதுவது என்ற இந்தப் படிவரிசை நம் பாட்டிகள் கோலம் சொல்லிக்கொடுத்த முறைதான். புள்ளியை அவர்கள் வைத்துக் கொடுத்து இழுக்கச் சொல்லவில்லையா? இரண்டாம் நாள் காலை 'முந்தைய நாள் மீள்பார்வை' என்று பயிற்றுநர் பேசத் தொடங்காமல், நோட்டைப் பார்க்காமல் ஒரு சிறு கூட்டத்தை எழுதச் சொல். இரவு தூங்கி எழுந்த பிறகு எது மிஞ்சியிருக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

திருத்தும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் பல வருடம் அதில் விழுந்திருக்கிறேன். கூடத்தில் முப்பது பேர், பயிற்றுநர் இரண்டு பேர். எல்லார் நோட்டையும் பார்க்க முடியாதென்று "யாருக்கெல்லாம் 930 வந்தது?" என்று கேட்போம். கைகள் உயரும், மகிழ்ச்சியாக அடுத்ததற்குப் போவோம். அந்த 550 ரூபாயை நினைத்துப் பார். அதில் 500 அசல், 50 வட்டி. முழு 550-ஐயும் அசல் என்று எழுதியவளுக்கும் கையிருப்பு 930-தான் வரும்! ரொக்கம் அதைக் காட்டிக்கொடுக்காது. கடன் பேரேட்டில் பாக்கி 4,500 இருக்க வேண்டிய இடத்தில் 4,450 இருக்கும், அவ்வளவுதான். அந்தப் பெண் பத்து மாதம் இப்படியே எழுதினால், மாதம் 500 அசல் குறைய வேண்டிய அந்த ஒரு கடனில் மட்டும் குழுவுக்கு வர வேண்டிய வட்டி 275 ரூபாய் வருமானமாகவே தெரியாது. அதனால் வரைவில் பயிற்சி வேலையைப் பார்க்கும்போது, விடை ஒன்றா இரண்டா என்றும் பார். இங்கே இரண்டு விடை வேண்டும்: கையிருப்பு 930, கடன் பாக்கி 4,500. அதோடு வட்டி எங்கே எழுதப்பட்டது என்று பக்கத்தில் இருப்பவள் நோட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். வங்கியில் எடுத்த 6,000-ஐ வருமானமாக எழுதுகிறவர்களும் இப்படித்தான் தப்பிவிடுவார்கள். நல்ல பயிற்சிக் கணக்கு வழக்கமான தப்பு நடப்பதற்கு இடம் கொடுக்கும், நடந்த தப்பை வெளியேயும் கொண்டுவரும்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, வரைவை எழுதும் முன் பழைய நோட்டுகளைப் பார்ப்பது. ஏதாவது பத்துக் குழுக்களின் கணக்கைப் புரட்டினால் போதும். தப்புகள் ஆயிரம் விதம் இல்லை, நாலைந்துதான், திரும்பத் திரும்ப அவையே வரும். வரைவை எழுதியவரிடம் "எந்த நோட்டுகளைப் பார்த்தீர்கள்?" என்று கேள்.

7. சில சமயம் வரைவில் குறையே இருக்காது, ஆனால் பயிற்சியே தேவைப்பட்டிருக்காது. ஒரு வட்டாரத்தில் கடன் பேரேடு எழுதுவதே இல்லை என்று மூன்று முறை பயிற்சி போட்டோம். நான்காவது முறை வந்தவர்களில் ஒரு வயதான அம்மா, "எழுதத் தெரியும் கண்ணு, எழுத நோட்டு இல்லை. அச்சடிச்சது தீர்ந்து எட்டு மாசம் ஆச்சு" என்றார். தெரியாமல் செய்யவில்லையா, தெரிந்தும் செய்ய வழியில்லையா என்று பிரித்துப் பார். இன்றே எழுதியாக வேண்டும் என்ற கட்டாயம் வந்தால் எழுதிவிடுவாள் என்றால், அவளுக்கு வேண்டியது வகுப்பு அல்ல. அந்த மூன்று பயிற்சிகளுக்கும் ஒப்புதல் கொடுத்தது நான்தான்.

8. குறையைச் சொல்லும் விதத்தில் கவனமாக இரு. வரைவை எழுதியவர் உன்னைவிட வயதில் பெரியவர், இருபது வருடம் களத்தில் இருந்தவர் என்று எழுதியிருந்தாய். நான் உன் வயதில் இருந்தபோது ஒரு பெரியவரின் வரைவில் சிவப்பு மையால் 'தெளிவில்லை', 'அதிகம்', 'பயிற்சி எங்கே?' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதி அனுப்பினேன். எல்லாம் சரியான குறிப்புகள்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வினைச்சொற்களை மட்டும் மாற்றி, 'குழுச் செயல்பாடு' என்று நான்கு இடத்தில் சேர்த்து, அதே வரைவைத் திருப்பி அனுப்பினார். நான் கேட்டதெல்லாம் இருந்தது, ஒன்றும் மாறவில்லை. குறிப்பை எழுதாமல் நேரில் போய் உட்கார். "ஐயா, இந்தப் பயிற்சி முடிந்து ஊருக்குப் போனதும் அந்தப் பெண்கள் வேறாகச் செய்ய வேண்டியது என்ன?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. இருபது வருட அனுபவம் அவர் வாயால் வரும். வட்டியையும் அசலையும் கலப்பதைப் பற்றி அவரே சொல்வார். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள், விளைவு வரிகள் அதற்குள்ளேயே இருக்கும். பிறகு "இதற்கு எத்தனை நிமிடம் விட்டிருக்கிறோம்?" என்று இருவரும் சேர்ந்து தேடுங்கள். அவர் கையாலேயே வெட்டுவார். மூன்றுக்கு மேல் குறை சொல்லாதே. பத்தாவது குறை முக்கியமானதாகவே இருந்தாலும், அதைக் கேட்கும் நிலையில் அவர் இருக்க மாட்டார்.

ஒன்று மட்டும் செய்யாதே. வரைவை வாங்கி வந்து நீயே முழுதும் மாற்றி எழுதிக் கொடுத்துவிடாதே. சீக்கிரம் முடியும்தான், ஆனால் கூடத்தில் நிற்கப்போவது அவர். தான் நம்பாத பயிற்சி வேலையை எந்தப் பயிற்றுநரும் நடத்த மாட்டார், முதல் தாமதத்தில் அதைத்தான் விடுவார்.

9. வரைவு ஒரு காகிதம் என்பதை மறக்காதே. முதல் நாள் பிற்பகல் போய்ப் பின்வரிசையில் உட்கார். யார் பேசுகிறார் என்று பார்க்காதே, எத்தனை பேனா அசைகிறது என்று பார். ஒரு மாதம் கழித்து ஐந்து ஊர்களுக்குப் போய்க் கடன் பேரேட்டைப் புரட்டு. வட்டிக் கட்டம் காலியாக இருந்தால் அந்தக் குறை அவளுடையது என்று எழுதாதே. அந்த வரைவைப் படித்தவர்களில் நீயும் ஒருத்தி.

உன் வரைவை இதோடு திருப்பி அனுப்புகிறேன். பென்சிலால்தான் குறித்திருக்கிறேன், அழித்துவிட்டு அவரிடம் எடுத்துப் போ. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வா. வரும்போது ரொக்கப் புத்தகத்தின் வெற்றுத் தாள் பத்தும் கடன் பேரேட்டுத் தாள் பத்தும் கொண்டுவா. அந்த 930 கணக்கை முதலில் நீ எழுதிப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அத்தை